ஐடிசியைப் பிரித்துக் கூட்டும்போது

“எஃப்எம்சிஜி என்கிற அன்றாட நுகர்பொருள் விற்பனைக்கு ஹிந்துஸ்தான் யூனிலீவரின் மடங்கைப் போட்டு, சிகரெட், ஹோட்டலைக் கூட்டினால் ஐடிசி பாதி விலையில் கிடைக்கிறது” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார்.

நிறுவனத்தின் மதிப்பு அதன் விற்பனையைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கை அப்படியே எடுத்துப் போட முடியாதுங்க. யூனிலீவர் 100 ரூபாய்க்கு விற்றால், தேய்மானம், வட்டி, வரிக்கு முன் சுமார் 23 ரூபாய் நிற்கும். ஐடிசியின் சிகரெட் அல்லாத எஃப்எம்சிஜியில் 2023-24இல் நின்றது சுமார் 11தான். ஆட்டா, பிஸ்கட் வியாபாரம் அப்படி. யூனிலீவரின் மதிப்பு விற்பனையைப் போல 10 மடங்கு என்று வைத்துக்கொண்டால், அது இந்த லாபத்தைப் போல சுமார் 43 மடங்கு. அதே 43ஐ இந்த 11க்குப் போட்டால், ஐடிசியின் 100 ரூபாய் விற்பனைக்கு 473 ரூபாய் மதிப்புதான் வரும், 1,000 அல்ல. லாப விகிதம் இனி உயரும் என்று நம்பினால் கூடுதலாகக் கொடுக்கலாம். எவ்வளவு என்பதில்தான் நியாயமான சண்டை.

ஹோட்டலை முழுசாகச் சேர்க்கச் சொன்ன நண்பருக்கு: 2025 ஜனவரியில் ஹோட்டல் தனி நிறுவனமாகப் பிரிந்த பிறகு, அதில் ஐடிசி கையில் இருப்பது சுமார் 40%தான். மீதி 60% அன்றைய பங்குதாரர்களுக்கே நேரடியாகப் போய்விட்டது. அந்த 40%க்கும் சந்தை விலையில் எவ்வளவு கழிக்கலாம் என்று கேட்டீர்கள். விற்கும் எண்ணமே இல்லாத பங்கு என்பதால் நான் கொஞ்சம் கழிப்பேன், கழிக்காதவர்களும் உண்டு.

எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான தலைமையகச் செலவையும் மறக்காமல் கழியுங்கள். பிரிவு வாரியான லாபத்தில் அது வராது.