தகர டப்பா

(நீடாமங்கலம் பக்கம் ஒரு ரைஸ்மில். அப்பா கல்லாச் சாவியை மகனிடம் கொடுத்து மூணு வாரம். களத்து மேஸ்திரிக்கு இங்கே 31 வருஷம்.)

மகன்: மேஸ்திரி, அரிசியப் பாத்தீங்களா? பாதிக்குப் பாதி குருணை!

மேஸ்திரி: பாத்தேன் முதலாளி.

மகன்: போன வாரம் வரைக்கும் தம்பின்னு கூப்பிட்டீங்க?

மேஸ்திரி: தம்பின்னா என்னையக் கேட்டுட்டுச் செய்வாரு. நேத்து நீங்க உத்தரவுல்ல போட்டீங்க.

மகன்: என்ன உத்தரவு?

மேஸ்திரி: அவிச்ச நெல்லக் காலையில களத்துல பரப்புனோம். பாதி காஞ்சதும் கூட்டிக் குவிச்சுத் தார்ப்பாய் போட்டேன். உச்சிவெயில்ல நெல்ல மூடிட்டு நெழல்ல ஒக்காந்திருக்கீங்களான்னு பன்னெண்டு பொம்பளைங்க முன்னாடி சத்தம் போட்டு, திரும்பப் பரப்பச் சொன்னீங்க.

மகன்: ரெண்டு மணிக்கே காஞ்சிருச்சே! மீட்டர்ல ஈரம் 14 காட்டுச்சு.

மேஸ்திரி: இந்த டப்பாவத் தொறங்க. அதே நெல்லுதான். நேத்து ஒரு கைப்பிடி போட்டு இறுக்கி மூடி வச்சேன். இப்ப மீட்டர் வைங்க.

மகன்: ...பதினாறு? மூடுன டப்பாக்குள்ள ஏது தண்ணி?

மேஸ்திரி: நெல்லுக்குள்ளேருந்துதான். வேகமாக் காஞ்சா மேல சுருங்கிடும், நடுவுல ஈரம் நிக்கும். மீட்டர் மேல இருக்கற காய்ச்சலப் பாத்து ஏமாந்துடும். உள்ள நெல்லு கீறிக்கும், மில்லுல போட்டா ஒடஞ்சுடும். ரெண்டு மூணு மணி நேரம் குவிச்சு மூடுனா உள்ள ஈரம் மெல்ல மேல வந்து சமமாவும். அப்பறம் திரும்பப் பரப்பணும்.

மகன்: அதை நேத்தே சொல்லக்கூடாதா?

மேஸ்திரி: "தார்ப்பாய்..."னு ஆரம்பிச்சேன். "நான் எம்.பி.ஏ."ன்னீங்க. எனக்கு அதுக்கு மேல படிப்பு வரல.

மகன்: டப்பா வைக்கணும்னு மட்டும் தோணுச்சாக்கும்!

மேஸ்திரி: உங்கப்பாவுக்கும் இதே டப்பாவத்தான் தொறந்து காட்டுனேன். அவரு பொறுப்பெடுத்த வருஷம்.

மகன்: அப்பாவுமா? என்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லையே!

மேஸ்திரி: எப்படிச் சொல்லுவாரு? மறுநா களத்துல வந்து, அதே பொம்பளைங்க முன்னாடி "மேஸ்திரி சொன்னதுதான் சரி, தப்பு எம்மேல"ன்னாரு. வீட்டுல மட்டும் மூச்சு விடல.

மகன்: (தொண்டையைச் செருமி) இன்னிக்கு எல்லாரும் வந்துட்டாங்களா?

மேஸ்திரி: பன்னெண்டு பேரும் வந்தாச்சு. நீங்க பேசுவீங்கன்னு வேலைய ஆரம்பிக்காம நிக்கறாங்க.

மகன்: யார் சொன்னா பேசுவேன்னு?

மேஸ்திரி: காலையில குருணையில ரெண்டு மரக்கா வீட்டுக்கு அனுப்புனேன். பெரியவர் பாத்த ஒடனே போன் போட்டு, "டப்பாவக் காட்டியாச்சா?"ன்னாரு.

மகன்: அம்மாவுக்குத் தெரியுமா?

மேஸ்திரி: உப்புமாவுக்குக் கடுகு தாளிக்கற சத்தம் போன்லயே கேட்டுச்சு. அன்னிக்குப் பெரியவரு ஒரு மாசம் சாப்பிட்டாரு. ஓரத்துல நிக்காம தார்ப்பாயோட அந்த முனையப் புடிங்க தம்பி, மேகம் வருது.