ரெஸ்யூம்ல ஹாபீஸ்னு ஒரு தலைப்பு வேணுமா? ஒரே ஒரு வரி எப்ப வேலைக்கு ஆகும்?

கடலூர் சிப்காட் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியோட க்யூசி லேப்ல இருக்கேன். ஆள் எடுக்கறப்ப வர்ற ரெஸ்யூம்கள நானும் உக்காந்து படிப்பேன், இன்டர்வியூலயும் இருப்பேன். வர்றவங்க பெரும்பாலும் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி, எம்.எஸ்சி முடிச்ச ஃப்ரெஷர் பிள்ளைங்க, கடலூர், பண்ருட்டி, சிதம்பரம், நெல்லிக்குப்பம், அப்புறம் பாண்டி பக்கம் பாகூர், வில்லியனூர்னு. ரெஸ்யூம் மொத்தத்துலயும் ஒரு வரி மட்டும் யாருக்கும் மாறாது: "ஹாபீஸ்: ரீடிங் புக்ஸ், லிசனிங் டு மியூசிக், ப்ளேயிங் கிரிக்கெட்". ஒரே காலேஜ்லேருந்து வந்தா கமா கூட அதே எடத்துல இருக்கும், ஏன்னா எல்லாம் ஒரே ப்ரவுசிங் சென்டர்ல ஒரே ஃபைல்ல பேர மட்டும் மாத்தி அடிச்சது.

பசங்க அடிக்கடி கேக்கறது, இந்த செக்‌ஷன் இருக்கணுமா எடுத்துடலாமான்னு. எடுத்துடுங்கன்னுதான் நான் சொல்லுவேன், நிறைய பேருக்கு. ஆனா சில பேர்கிட்ட அந்த எடத்துல எழுத ஒரு வரி நெஜமாவே இருக்கும், அவங்க அத எழுதாம "ரீடிங் புக்ஸ்"னு எழுதிட்டு போயிடறாங்க, அதப் பாத்தாதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

முதல்ல, அந்த வழக்கமான வரி ஏன் உதவாதுன்னு சொல்லிடறேன். ரெஸ்யூம் கைக்கு வந்ததும் கண்ணு போற எடம் என்ன படிப்பு, எந்த வருஷம் முடிச்சாங்க, என்ன இன்ஸ்ட்ரூமென்ட் தொட்டிருக்காங்க, ப்ராஜெக்ட் என்ன, எங்கேருந்து வர்றாங்க, அவ்ளோதான். "லிசனிங் டு மியூசிக்"ல நான் கேக்கறதுக்கு ஒரு கேள்வியும் இல்ல, அதனால அத தாண்டிப் போயிடுவேன், அதோட முடிஞ்சிது. ஆனா பேனல்ல ஒருத்தர் சும்மா பேச்ச ஆரம்பிக்கலாமேன்னு "ரீடிங் புக்ஸ்னு போட்டிருக்கியேம்மா, கடைசியா என்ன படிச்ச?"ன்னு கேட்டுட்டா, அந்தப் பொண்ணு முழிக்கும் பாருங்க, அங்கதான் சேதாரம். புக் படிக்கலங்கறது ஒரு குத்தமே இல்ல. ஆனா அதே பேப்பர்ல மேல "எச்.பி.எல்.சி ஹேண்டில் பண்ணியிருக்கேன்"னு இருக்கே, இதுவும் அந்த மாதிரி அடிச்சி விட்டதுதானோன்னு எதிர்ல உக்காந்திருக்கறவருக்கு ஒரு சந்தேகம் வந்துடும். அப்பறம் அந்தப் பொண்ணு எச்.பி.எல்.சி பத்தி சரியாவே சொன்னாலும் ரெண்டு கேள்வி கூடுதலா விழும்.

இப்ப உதவற வரிக்கு வர்றேன், ஒரு பையன வச்சே சொல்றேன். பாகூர்காரன், பி.எஸ்சி கெமிஸ்ட்ரி, தெரிஞ்சவர் மூலமா ரெஸ்யூம பாத்து சொல்லுங்கண்ணான்னு அனுப்புனான். ஹாபீஸ்ல "பேர்ட் வாட்சிங், போட்டோகிராஃபி, ட்ராவலிங்"னு இருந்துது. போட்டோகிராஃபின்னா என்னடா தம்பின்னு கேட்டா, போன்லதாண்ணான்னான். ட்ராவலிங்? ஒண்ணுமில்ல. பேர்ட் வாட்சிங்னா என்ன பண்ணுவன்னு கேட்டதும் ஆள் மாறிட்டான், நிறுத்தவே இல்ல. காலேஜ் ரெண்டாவது வருஷத்துலேருந்து ஞாயித்துக்கெழம காலையில பாகூர் ஏரிக்கு போயி பறவைங்கள எண்ணி eBird ஆப்ல ஏத்தறானாம், பொங்கல் சமயத்துல தமிழ்நாடு, பாண்டி பூரா நடக்குற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புலயும் கலந்துக்கறானாம்.

eBird தெரியாதவங்களுக்கு, அது சும்மா போட்டோ போடற எடம் இல்ல. எந்த எடம், எந்த நாள், எத்தன மணிக்கு ஆரம்பிச்ச, எவ்ளோ நேரம் பாத்த, எவ்ளோ தூரம் நடந்த, எத்தன பேர் போனீங்க, அப்பறம் ஒவ்வொரு பறவ வகையிலயும் எத்தன எண்ணுன, இத்தனையும் போடணும். கடைசியில, உனக்கு அடையாளம் தெரிஞ்ச எல்லாத்தையும் எழுதிட்டியா, இல்ல சிலத மட்டும் எழுதுனியான்னும் கேக்கும். அந்த ஊர்ல அந்த மாசத்துல வராத பறவையவோ ரொம்ப அதிகமான எண்ணிக்கையவோ போட்டா, அத சரிபாக்கற தன்னார்வலர் ஒருத்தர் மெயில் போட்டு என்ன ஆதாரம்னு கேப்பாரு.

க்யூசி லேப்ல வேல பாக்கறவங்களுக்கு இத படிச்ச ஒடனே புரிஞ்சிருக்கும். எங்க வேலையே இதுதான். சாம்பிள எப்ப எடுத்த, எப்ப டெஸ்ட் பண்ண, யார் பண்ணா, ரீடிங் என்ன, அத அப்பவே லாக்புக்ல பேனாவுல எழுதணும், துண்டு சீட்டுல எழுதி வச்சிட்டு சாயந்தரம் காப்பி பண்ணக் கூடாது. தப்பா எழுதிட்டா ஒயிட்னர் போடக் கூடாது, ஒரே கோடு அடிச்சி, அடிச்சது படிக்கத் தெரியற மாதிரி விட்டு, பக்கத்துல கையெழுத்து, தேதி, காரணம் எழுதணும். டைட்ரேஷன் ரீடிங் எதிர்பாத்தத விட கொஞ்சம் தள்ளி வந்தா அத அப்படியே எழுதற ஆள்தான் எங்களுக்கு வேணும், நேத்து பேட்ச் என்ன வந்துதுன்னு திருப்பிப் பாத்து அதுக்கு ஒட்டுனாப்பல எழுதற ஆள் வந்தா ஆடிட்ல மொத்த லேபும் மாட்டும். ப்யூரெட் புடிக்கறத ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துடலாம், உள்ளத உள்ளபடி எழுதற பழக்கம் அப்படி ஒரு வாரத்துல வராது.

ஆக அந்தப் பையன்கிட்ட ஏற்கெனவே இருக்கறது எங்களுக்கு வேணுங்கற பழக்கமேதான், ஆனா "பேர்ட் வாட்சிங்"ங்கற ரெண்டு வார்த்தையில அது எதுவுமே தெரியல. ஹாபீஸ்ங்கற தலைப்ப எடுக்க சொன்னேன், போட்டோகிராஃபியும் ட்ராவலிங்கும் போச்சு. அந்த எடத்துல இங்கிலீஷ்ல ஒரே வரி, தமிழ்ல சொன்னா இப்படி: "பறவைக் கணக்கெடுப்பு, பாகூர் ஏரி, 2022 முதல் வாரந்தோறும், நாள், நேரம், எண்ணிக்கையுடன் eBird தளத்தில் 110-க்கும் மேற்பட்ட பதிவுகள்." அவ்ளோதான். இதனால எனக்குப் பொறுமை, கவனம் எல்லாம் வளர்ந்துதுன்னு ஒரு வரி கூட சேத்திருந்தான், அதையும் எடுக்க சொன்னேன், ஏன்னா அது படிக்கறவர் தானா நெனச்சிக்க வேண்டிய விஷயம், நம்ம சொன்னா எடுபடாது.

அப்பறம் வேற ஒரு கம்பெனி இன்டர்வியூக்கு போயிட்டு வந்து நடந்தத சொன்னான். அங்க லேப் மேனேஜர் அந்த வரிய வெரல் வச்சி காட்டி, "தூரத்துல வெள்ளையா நாலு கொக்கு பறக்குது, சின்னக் கொக்கா உண்ணிக்கொக்கான்னு தெரியல, என்ன எழுதுவ?"ன்னு கேட்டாராம். இவன், "வெள்ளைக் கொக்கு வகைன்னு பொதுவா போட அதுல எடம் இருக்கு சார், அதுல நாலுன்னு போடுவேன், எதுன்னு யூகிச்சி எழுத மாட்டேன்"னான். "வாத்துக்கூட்டம் ஐநூறு இருந்தா?"ன்னு அடுத்த கேள்வி. "ஒரு பகுதிய பத்து பத்தா எண்ணி அந்த அளவ வச்சி மொத்தத்த மதிப்பிடுவேன் சார், ஒவ்வொண்ணா எண்ணல மதிப்பீடுதான்னு குறிப்புல எழுதிடுவேன்." அந்த ரெண்டு பதில்லயே அவன் ரீடிங்க எப்படி எழுதுவான்னு அந்த மேனேஜருக்கு தெரிஞ்சிருக்கும். ஃப்ரெஷர்கிட்ட வேற எத வச்சி இத கண்டுபுடிப்பீங்க, வேல பாத்த அனுபவமும் இல்ல, மார்க் ஷீட்லயும் இது வராது.

அதுக்காக அந்த வரி வேலைய வாங்கிக் குடுத்துதுன்னு நான் சொல்ல மாட்டேன். அதே இன்டர்வியூல நார்மாலிட்டி மொலாரிட்டி வித்தியாசம் கேட்டாங்க, பி.எச். மீட்டர எந்த பஃபர் வச்சி கேலிப்ரேட் பண்ணுவன்னு கேட்டாங்க, அதுல 4, 7, 10னு சொல்லத் தெரியலன்னா கொக்கு எண்ணுனது ஒண்ணும் காப்பாத்தாது. நம்மகிட்ட காட்ட வேற ஒண்ணும் இல்லாத எடத்துல ஒரு நல்ல கேள்விய வரவழைக்கும், அந்த வரியோட வேல அவ்ளோதான். எட்டு வருஷம் அனுபவம் உள்ளவர் இதே வரிய போட்டா நான் கண்டுக்கவே மாட்டேன், அவர்கிட்ட கேக்க வேல சம்பந்தமாவே ஆயிரம் இருக்கு.

உங்ககிட்ட அப்படி ஒரு வரி இருக்கான்னு பாக்க நான் கேக்கறது இதுதான்: அதுல எடம், காலம், செஞ்ச வேல மூணும் எழுத முடியுதா, வேற ஒருத்தர் பாத்து சரிபாக்க எதாவது இருக்கா, அதப் பத்தி கேட்டா தயாரிப்பு இல்லாம ரெண்டு நிமிஷம் பேசுவீங்களா. செஸ்னா ரேட்டிங் இருக்கா, கபடின்னா எந்த டீம்ல எத்தன வருஷம். தெருவுல ஆடுன கிரிக்கெட்ட எழுத வேணாம், ஆனா தெருப் பசங்க டோர்னமென்டுக்கு என்ட்ரி ஃபீஸ் வசூல் பண்ணி கணக்கு எழுதி மிச்சத்த திருப்பிக் குடுத்தவன் நீன்னா அக்கவுன்ட்ஸ் வேலைக்கு அத தாராளமா எழுது.

இன்னொண்ணு, பாண்டி பிள்ளைங்ககிட்ட நெறைய பாக்கறேன். கிளாஸ் போயி ஃப்ரெஞ்ச் படிச்சி டெல்ஃப் பி1 பாஸ் பண்ணியிருப்பாங்க, அத கொண்டு போயி ஹாபீஸ்ல "லேர்னிங் ஃப்ரெஞ்ச்"னு போட்டிருப்பாங்க. அய்யோன்னு இருக்கும். அது லாங்குவேஜஸ்ல லெவலோட வரணும். என்சிசி சி சர்ட்டிஃபிகேட் சர்ட்டிஃபிகேட்ஸ்ல வரணும், காசு வாங்கிட்டு கல்யாண போட்டோ எடுத்திருந்தா அது அனுபவத்துல வரணும். சர்ட்டிஃபிகேட்டோ சம்பளமோ வந்த விஷயம் கடைசி வரியில ஹாபியா ஒளிஞ்சிக்கிட்டு இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க.

அதே பாண்டியிலேருந்து ஃப்ரான்சுக்கு படிக்கவோ வேலைக்கோ அப்ளை பண்றவங்க மட்டும் நான் சொன்னத அப்படியே எடுத்துக்க வேணாம். அந்த ஊர் சிவியில விருப்பங்களுக்குன்னு கடைசியில தனித் தலைப்பு போடறது வழக்கத்துல இருக்கு, அதனால தலைப்ப வச்சிக்கலாம். ஆனா அங்கயும் "சினிமா, மியூசிக்"னு மொட்டையா போட்டா இங்க மாதிரிதான், எடம் காலம் போட்டு எழுதணும்.

கட்சி, ஜாதி சங்கம், நடிகர் ரசிகர் மன்றம், இதெல்லாம் எழுதாதீங்க. நீங்க அதுல ரத்த தான முகாமே நடத்தியிருக்கலாம், அப்ப முகாம் நடத்துனத மட்டும் எழுதுங்க, எந்த ஊர், எத்தன பேர் வந்தாங்கன்னு. மன்றத்தோட பேரப் பாத்ததும் மனசுல ஒரு முடிவு எடுத்துடற ஆளுங்க பேனல்ல இருக்காங்க, அது நியாயம் இல்ல, ஆனா இருக்காங்க.

இப்படி எந்த வரியும் உங்ககிட்ட இல்லன்னா ஒண்ணும் கொறஞ்சி போயிடல. ப்ரவுசிங் சென்டர்ல "ஹாபீஸ் இல்லாம ரெஸ்யூமா"ன்னு கேட்டாலும் அந்தத் தலைப்ப அழிக்க சொல்லுங்க, அந்த ரெண்டு வரி எடத்துல காலேஜ் லேப்ல நீங்க உங்க கையாலயே செஞ்ச டைட்ரேஷன், கையாலயே ஓட்டுன இன்ஸ்ட்ரூமென்ட் பேர எழுதுங்க. சார் ஓட்டி நீங்க நின்னு பாத்தது இருந்தா, பாத்ததுன்னே எழுதுங்க.