பெயர் மாறும், பேக்கேஜ் ஐடி மாறாது

“எதையாவது வைத்து வெளியிடுங்கள், பெயர், ஐகான், பேக்கேஜ் ஐடி மூன்றையும் அடுத்த அப்டேட்டில் மாற்றிக்கொள்ளலாம்” என்பது ஆண்ட்ராய்டு செயலி வெளியிடுவோருக்குச் சிலர் சொல்லும் யோசனை.

பெயரும் ஐகானும் அப்படித்தான், ஐடி அப்படியன்று. பிளே ஸ்டோரில் வெளியான செயலியின் பேக்கேஜ் ஐடியை, அதாவது `applicationId`-ஐ, மாற்றிப் பதிவேற்றினால், அது அதே செயலியின் அப்டேட்டாக ஏற்கப்படாது; புதிய செயலியாகவே வெளியிட வேண்டியிருப்பதால், பழைய மதிப்புரைகளும் நிறுவல் எண்ணிக்கையும் உடன் வாரா.

குடியாத்தத்தில் காய்கறிக் கடை நடத்தும் என் உறவினர் ஐடியில் ஊர்ப்பெயரைச் சேர்த்துவிட்டார். வியாபாரம் ராணிப்பேட்டை வரை விரிந்தபோது, செயலியின் பெயரையும் ஐகானையும் மட்டும் மாற்றினார். ஐடி பெரும்பாலும் பிளே ஸ்டோர் இணைப்பில்தான் தென்படும் என்பதால், வாடிக்கையாளர் எவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவருக்கு மட்டும் இன்னும் உறுத்துகிறது.

வெளியிட்ட பிறகும் பேக்கேஜ் பெயரை மாற்றியதாக யாராவது சொன்னால், அவர் குறிப்பிடுவது `namespace` ஆக இருக்கலாம். அது நிரல் சார்ந்தது, `applicationId`-ஐத் தொடாமலே மாற்றலாம்.