கட்டைவிரலை நம்பி எத்தனை தட்டு சொல்வது?

ஏற்காட்டில் நாங்கள் நடத்தும் வாடிக்கையாளர் சந்திப்புக்கு அழைப்பு அனுப்பினால், பதிலாக ஒரு கட்டைவிரல் வருகிறது. அது வருகிறேன் என்று சொல்கிறதா, பார்த்துவிட்டேன் என்று சொல்கிறதா, தொந்தரவு செய்யாதே என்று சொல்கிறதா என்பதை அந்த விரலுக்குரியவரே அறிவார்.

அழைப்பில் எதை விட்டோம்? சனிக்கிழமை மாலை 4 மணி, ஏரிக்கு அருகிலுள்ள விடுதி, வரைபடச் சுட்டி, இரவில் குளிரும் என்பதால் ஸ்வெட்டர் என எல்லாமே எழுதியிருந்தோம். எத்தனை பேர், சைவமா அசைவமா, சொந்தக் காரா அல்லது சேலம் ஐந்து ரோட்டிலிருந்து புறப்படும் எங்கள் வேனா என்பதைப் புதன்கிழமை மாலைக்குள் ஒரே ஓர் எண்ணுக்குத் தெரிவிக்கும்படி தடித்த எழுத்தில் கேட்டிருந்தோம். வியாழன் காலை விடுதிக்குத் தட்டுக்கணக்கு கொடுத்தாக வேண்டும். கொடுத்த கணக்குக்கு, ஆள் வந்தாலும் வராவிட்டாலும், பணம் கட்டியாக வேண்டும்.

புதன் மாலை அந்தக் கட்டைவிரல்காரரை அழைத்தேன்.

"வருகிறீர்களா சார்?"

"வராம இருப்பனா தம்பி!"

"எத்தனை பேர் சார்?"

"பார்த்துக்கலாம் தம்பி."

"சைவமா, அசைவமா?"

"இருக்கறதச் சாப்பிட்டுக்கறோம், விடுங்க."

அந்தப் பன்மையிலேயே நான் நடுங்கியிருக்க வேண்டும். மரியாதை கருதி இரண்டு என்று எழுதிக்கொண்டேன். பிறகு அவரே அழைத்து, உடை விதியில் 'அலுவல்முறை உடை' என்றிருப்பதால் வேட்டியோடு வந்தால் வாசலில் நிறுத்திவிடுவீர்களா என்று விசாரித்தார். 'வேட்டி, புடவை உட்பட' என்று அதே வரியில் இருந்தது. வேட்டி கட்டியவரை மன்றங்களுக்குள் விட மறுக்கக் கூடாது என்று 2014இல் சட்டமே வந்துவிட்ட மாநிலத்தில், எங்கள் அழைப்பின் ஒரு வரியைக் கடைசிவரை படிக்கத்தான் ஆளில்லை.

சனிக்கிழமை அவர் வேட்டியில் வந்தார். மனைவி, மைத்துனர் குடும்பம், பிள்ளைகள் என ஒன்பது பேர். "வேன்ல இடம் வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன், பாவம் டிரைவர் மாத்தி மாத்தி ரெண்டு தடவ ஏறி இறங்கினார்" என்றார். இருபது கொண்டை ஊசி வளைவுகளை அந்த ஓட்டுநர் எங்கள் செலவில் மறுபடியும் ஏறியிருக்கிறார். "கட்டாயம் வருகிறோம்" என்று முழு வாக்கியமாக எழுதி அனுப்பிய பங்குதாரர்களின் மேசையோ காலியாகக் கிடந்தது. அவர்களின் அசைவத் தட்டுகளை மைத்துனர் குடும்பத்துக்குத் திருப்பினால், அவர்கள் அனைவரும் சனிக்கிழமை சைவமாம்.

நான் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்வது? விடைபெறும்போது அவர் என் தோளைத் தட்டி, "ஏற்பாடெல்லாம் அருமை தம்பி, ஆனா இவ்வளவு குளிருன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார்.