அப்டேட்டுல செத்த போனுக்கு ஃபார்மேட்டுதான் மருந்தா?

கேக்காம கொள்ளாம ராத்திரியில அதுவே அப்டேட் இறக்கி, அதுவே ரீஸ்டார்ட் ஆகி, விடியறதுக்குள்ள ஆண்ட்ராய்டு போனு லோகோவக் காட்டறதும் அணையறதுமா நிக்குது. திருப்பூர்ல ஜாப் ஒர்க் பண்றவனுக்குக் கட்டிங் சிலிப், டெலிவரி சலான், பார்ட்டி கணக்கு எல்லாமே போட்டோவாத்தான் போன்ல கிடக்கும். சர்வீஸ் சென்டர்ல டோக்கன் போட்டுப் பொழுதுக்கும் உக்கார வெச்சுட்டு, "ஃபார்மேட் பண்ணித்தாங்க ஆகோணும், டேட்டா வராதுங்க"ன்னு கூசாமச் சொல்றாங்க. கம்ப்யூட்டர்ல இருந்து போனுக்குக் கட்டளை குடுக்க விடற USB டீபக்கிங் ஆன்ல இல்லையாம், அதனால வேற வழியே இல்லையாம்!

சுத்தப் பொய்யுங்க. ரெக்கவரிங்கற அவசர மெனுவுக்குப் போயி, கம்ப்யூட்டர்ல இருந்து கேபிள் வழியா அப்டேட்ட ஏத்தறதுதான் சைட்லோடு. அதுக்கு டீபக்கிங்கும் வேண்டாம், போன ஸ்டார்ட் பண்ற பூட்லோடர அன்லாக் பண்ணவும் வேண்டாம். கம்பெனியே கையெழுத்துப் போட்டு வெளியிடற முழு OTA ஜிப், அதாவது மொத்த அப்டேட்டும் அடங்கின ஃபைல், இருந்தாப் போதும். அது சிஸ்டத்த மட்டும் புதுசா எழுதும், உங்க போட்டோவத் தொடாது. ஃபேக்டரி இமேஜுன்னு இன்னொன்னு இருக்குது. அதை ஏத்தப் பூட்லோடர அன்லாக் பண்ணோணும், பண்ணின அடுத்த நிமிசம் எல்லாம் அழிஞ்சுரும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

பழைய சிஸ்டம் இன்னொரு ஸ்லாட்ல, அதாவது போனுக்குள்ளயே தனி இடத்துல இருக்குமே, போனு ஏன் அதுக்குத் திரும்பலைன்னு கேப்பீங்க. புதுசு ஒருக்கா பூட் ஆயிட்டா 'சரி'ன்னு குறிச்சு வெச்சுக்கும். அதுக்கப்புறம் மண்டையப் போட்டாத் திரும்பாது.

என் போன்ல பவரையும் வால்யூம் டவுனையும் அமுக்கிப் புடிச்சா மெனு வரும். அதுல Recovery mode. ரோபோ படுத்துக் கிடக்க "No command"னு வந்தாப் பயப்படாதீங்க, பவர அமுக்கிட்டே வால்யூம் அப்ப ஒரு தட்டு. Apply update from ADB எடுத்துட்டு, கேபிள மாட்டி, adb-ங்கற டூல் இருக்கற கம்ப்யூட்டர்ல:

```
adb devices
adb sideload ota.zip
```

முதல் கட்டளைக்குப் போனோட சீரியல் நம்பருக்குப் பக்கத்துல sideload-னு வரோணும். ஒண்ணுமே வரலைன்னா முதல்ல கேபிள மாத்துங்க. சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிளும் கடையில விக்கறாங்க. எனக்குக் கம்ப்யூட்டர்ல 47%-லயே நின்னு, கடைசியில failed to read command-னு வேற கத்துச்சு. அதைப் பாத்துட்டுக் கேபிளப் புடுங்கியிருந்தாக் கதை கந்தல். பாக்க வேண்டியது போன் திரைய. அங்க status 0-ன்னு வந்துட்டா ஏறிருச்சுன்னு அர்த்தம்.

ஒண்ணு மட்டும், போன்ல இருக்கறதவிடப் பழைய பில்ட் போட்டா வாங்காது, டவுன்கிரேடுன்னு தள்ளிரும். கோளாறச் சரி பண்ணின அடுத்த பில்டத்தான் நான் ஏத்துனேன். சலான் போட்டோ ஒண்ணுகூடப் போகலை.

வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த ஜிப் கம்பெனியோட சைட்லயே கிடந்துச்சு! டோக்கன் குடுத்தப்பவே சொல்றதுக்கு வாய் வலிக்குமாங்க? இதுல முழு ஜிப்பையே வெளிய விடாத கம்பெனிக வேற இருக்கறானுக. அவங்க போன வாங்கினவன் கதி அந்த ஃபார்மேட்டுதான்.