சங்கத்து மிச்சம் யாருடைய லாபம்?

சென்ற வாரம் தங்கச்சிமடத்துப் பக்கம் ஓர் ஏலக்கூடத்தில் நின்றிருந்தேன். நெடுநாள் பழக்கமான நண்டு வியாபாரி ஒருவர் கூடையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்: "அண்ணே, சங்கத்துக்காரவுகளும் நண்டுதான் விக்கிறாக, நானும் நண்டுதான் விக்கிறேன். என் கம்பெனிக்கு மட்டும் வரி, அவுகளுக்கு இல்லைன்னா என்ன ஞாயம்?" அவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தன் தொழிலைப் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகப் பதிவு செய்திருந்தார். மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பல காலம் கணக்கு எழுதியவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்தது. நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஐஸ் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். நான்கு நாட்டுப்படகுக்காரர்கள் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு, ஒரு குட்டியானை வண்டி பிடித்து ஐஸ் ஏற்றி வருகிறார்கள். ஐஸும் வாடகையுமாக 1,840 ரூபாய் ஆகிறது. மீதி 160 ரூபாயை ஆளுக்கு 40 ரூபாய் என்று திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 40 ரூபாயை லாபம் என்று கடற்கரையில் யாரும் சொல்லமாட்டார்கள். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். கொடுத்தவனும் வாங்கியவனும் ஒரே ஆள்களாக இருக்கும் இடத்தில் லாபம் என்ற சொல்லுக்கே இடமில்லை. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1889-இல் நியூயார்க் லைஃப் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கில், பாலிசிதாரர்களே உறுப்பினர்களாக இருந்து, அவர்கள் கட்டிய பிரிமியத்தில் மிஞ்சியது அவர்களுக்கே திரும்பும்போது அது வரிக்குரிய லாபம் ஆகாது என்று சொன்னதும் இதே கணக்கைத்தான். பரஸ்பரக் கோட்பாடு என்று வரிச் சட்டம் படித்தவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது சங்கத்தின் துண்டுச்சீட்டைப் பாருங்கள். ஓர் உறுப்பினர் 14 கிலோ 200 கிராம் நண்டு கொண்டுவருகிறார். ஏலம் கிலோ 420 ரூபாய்க்கு முடிகிறது. மொத்தம் 5,964 ரூபாய். அதில் 3 விழுக்காடு, அதாவது 179 ரூபாய், சங்கம் பிடித்துக்கொண்டு மீதி 5,785 ரூபாயைக் கொடுக்கிறது. ஏலம் முடியும்வரை நண்டு மீனவருடையது. சங்கம் அவருக்காக விற்றுக் கொடுக்கும் ஆள் மட்டுமே. ஆகவே அந்த 179 ரூபாய் வியாபாரியின் பணம் அல்ல, உறுப்பினர் தன் சங்கத்தை நடத்தக் கொடுத்த பணம். ஆண்டு முடிவில் எழுத்தர் சம்பளமும் தராசு பழுதும் கூட வாடகையும் போக மிஞ்சியது, ஐஸ் வண்டியில் மிஞ்சிய 160 ரூபாய்க்குச் சகோதரன்தான். அதைச் சங்கம் போனஸாகத் திருப்பித் தரும்போது, யார் எத்தனை பங்கு வைத்திருக்கிறார் என்று பார்ப்பதில்லை, யார் எவ்வளவு மீன் போட்டார் என்று பார்க்கிறது. என் வியாபாரி நண்பரின் கம்பெனியில் நடப்பது வேறு. அங்கே மீனவரிடம் குறைந்த விலைக்கு வாங்கி வெளியே கூடுதல் விலைக்கு விற்ற வித்தியாசம், மீன் கொடுத்தவருக்குப் போகாமல் முதல் போட்டவருக்குப் போகிறது.

ஆனால் இந்தக் காரணம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கம் மீனைத் தானே விலைக்கு வாங்கி, கருவாடு போட்டோ பதப்படுத்தியோ வெளியூருக்கு விற்றால், லாபம் வெளியாள் பையிலிருந்து வருகிறது. பரஸ்பரம் என்று அங்கே வாதிட முடியாது. இருந்தும் நம் சட்டம் அதற்கும் விலக்குத் தருகிறது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 80பி பிரிவு (2025-இல் வந்த புதிய சட்டத்தில் எண் மாறிவிட்டாலும் எல்லோர் வாயிலும் இன்னும் 80பி தான்) மீன் பிடித்தல், உலர்த்துதல், பதப்படுத்துதல், இருப்பு வைத்தல், விற்றல், உறுப்பினர்களுக்கு வழங்குவதற்காக வலை முதலிய தளவாடங்கள் வாங்குதல் ஆகியவற்றில் சங்கத்துக்கு வரும் லாபம் முழுவதையும் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. இது கோட்பாடு அல்ல, கொள்கை. பழைய கொள்கையும்கூட: 1904-இலும் 1912-இலும் வந்த கூட்டுறவுச் சட்டங்களே சங்கங்களுக்கு வருமான வரி, முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம் ஆகியவற்றிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருந்தன.

அந்தக் கொள்கைக்குப் பின்னால் இருக்கும் நியாயங்களில் என்னை மிகவும் ஒப்புக்கொள்ள வைப்பது வீதக் கணக்குதான். வலை இழுப்பவரின் தனி வருமானம் பெரும்பாலும் வரி வரம்பைத் தொடுவதே இல்லை. அவரே தன் மீனைத் தனியாக உலர்த்தி விற்றிருந்தால் ஒரு ரூபாய்கூட வரி வந்திருக்காது. அதே வேலையை நூறு பேர் சேர்ந்து செய்தார்கள் என்பதற்காக, அவர்கள் கைக்கு வருவதற்கு முன்பே அந்தப் பணத்தில் 30 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால், சேர்ந்ததற்கு விதித்த அபராதமாக அது ஆகிவிடும். கம்பெனிப் பங்குதாரர் விஷயத்தில் சட்டத்துக்கு இந்தக் கூச்சம் இல்லை. கம்பெனியிடம் ஒருமுறையும், டிவிடெண்டு வாங்குபவரிடம் இன்னொரு முறையும் வரி கேட்கிறது.

சலுகை எவ்வளவு தாராளமோ, அதன் வேலி அவ்வளவு நெருக்கம். மீனவர் சங்கத்துக்கும் தொழிலாளர் சங்கத்துக்கும் மட்டும் சட்டம் தனியாக ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. துணைவிதிகளின்படி வாக்குரிமை மூன்று வகையினருக்கு மட்டுமே இருக்க வேண்டும்: உழைப்பைத் தரும் அல்லது மீன்பிடித் தொழில் செய்யும் தனிநபர்கள், சங்கத்துக்குக் கடனுதவி செய்யும் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், மாநில அரசு. முன்பணம் கொடுத்துப் படகுகளைத் தன் கைக்குள் வைத்திருக்கும் ஏலக்காரருக்கு ஓட்டு இருக்கக் கூடாது என்பதே இதன் பொருள். நம் கரையைத் தெரிந்த யாரோ டெல்லியில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது. தேர்தலில் வியாபாரி யாரும் ஓட்டுப் போடவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வரி அதிகாரி கேட்பது துணைவிதியின் நகலை. "இவ்வூரில் குடியிருக்கும் எவரும் உறுப்பினராகலாம், உறுப்பினர் அனைவருக்கும் வாக்குரிமை உண்டு" என்று அதில் எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே சலுகையைக் கவிழ்க்கப் போதும்.

ஓர் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் எளிமைக்காக வைத்தவை. உறுப்பினர் மீன் விற்பனையிலும் உறுப்பினர்களுக்கு வலை, கயிறு கொடுத்ததிலும் செலவு போக மிச்சம் 3,00,000 ரூபாய். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு வலை விற்றதில் 70,000. வேறொரு கூட்டுறவு நிறுவனத்தில் போட்ட வைப்புக்கு வட்டி 60,000. தேசியமயமான வங்கியில் போட்ட வைப்புக்கு வட்டி 80,000. ஆக 5,10,000 ரூபாய்.

முதல் 3,00,000 முழுவதும் கழிகிறது. வெளியாருக்கு விற்ற வலை மீன்பிடிப் பிரிவுக்குள் வராது. இதர நடவடிக்கைகளுக்கு உரிய 50,000 ரூபாய் வரம்பு போக 20,000 வரிக்கு நிற்கிறது. கூட்டுறவு வைப்பின் வட்டி கழிகிறது (வைப்பு மத்தியக் கூட்டுறவு வங்கியில் இருந்தால் துறை தகராறு செய்வதுண்டு). வங்கி வட்டி 80,000 கழிவதில்லை. கர்நாடகத்தின் சிர்சியில் விவசாயிகளின் விளைபொருளை விற்றுக் கொடுக்கும் டோட்கர்ஸ் கூட்டுறவுச் சங்கம், உறுப்பினர்களுக்கு உடனே கொடுக்க வேண்டியிராத விற்பனைப் பணத்தைக் குறுகியகால வைப்பில் போட்டு வட்டி ஈட்டியது. அது சங்கத் தொழிலின் லாபம் அல்ல, இதர வருமானம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை. வங்கி நம் உறுப்பினர் அல்ல. அது தரும் வட்டி ஐஸ் வண்டியில் மிஞ்சிய பணமும் அல்ல.

ஆக வரிக்குரியது 1,00,000 ரூபாய். கூட்டுறவுச் சங்கத்துக்கான படிநிலையில் முதல் 10,000-க்கு 10 விழுக்காடு, அடுத்த 10,000-க்கு 20, மீதிக்கு 30 என்று 27,000 ரூபாய். 4 விழுக்காடு செஸ் சேர்த்தால் 28,080. இதே 5,10,000 ரூபாய் நண்பரின் கம்பெனிக்கு வந்திருந்தால் 25 விழுக்காடு வீதத்தில் செஸ்ஸுடன் 1,32,600 ரூபாய். அவருடைய ஆதங்கம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது.

ஆனால் அவருக்குத் தெரியாத பக்கம் ஒன்று உண்டு. கணக்கறிக்கையை உரிய தேதிக்குள், தணிக்கைக்கு உட்பட்ட சங்கமென்றால் அக்டோபர் 31-க்குள், தாக்கல் செய்யாவிட்டால் 80பி முழுவதுமாகப் போய்விடும். 2018-19 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இதுதான் நிலை. மேலே சொன்ன அதே சங்கம் நவம்பர் முதல் வாரத்தில் தாக்கல் செய்தால், 5,10,000 ரூபாய்க்கும் படிநிலைப்படி 1,50,000, செஸ்ஸுடன் 1,56,000 ரூபாய் கட்ட வேண்டும், கம்பெனியைவிட அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு சங்கம் தணிக்கைக்கு ஆள் வரட்டும் என்று காத்திருந்தே இப்படி மாட்டிக்கொண்டது. முறையீட்டுக்கு அலைந்த அலைச்சலில் அந்தச் செயலாளர் பாதியாக இளைத்துப்போனார். மாநிலத் தணிக்கை தாமதத்தால் சிக்கிய சங்கங்களுக்காக மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023-இல் சில ஆண்டுகளுக்குத் தாமதத்தை மன்னிக்க வழி செய்தது. அதை நம்பி அடுத்த ஆண்டும் தாமதிப்பது அறிவீனம். இன்னொரு பொறி, 2020-இல் சங்கங்களுக்கென அறிமுகமான 22 விழுக்காடு வீதம். 30-ஐவிட 22 குறைவுதானே என்று அதைத் தேர்ந்தெடுத்தால் 80பி கழிவைக் கைவிட்டதாக ஆகும். நம் கணக்கில் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 1,28,000 ரூபாய் வரும். கழிவுக்கு உரிய வருமானமே பெரும்பங்காக இருக்கும் சங்கம் அந்தப் பக்கம் போகவே கூடாது.

இவ்வளவையும் சுருக்கி வியாபாரி நண்பரிடம் மறுநாள் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப என்னையும் மெம்பராச் சேத்துக்கிறச் சொல்லுங்கண்ணே" என்றார். இணை உறுப்பினராகச் சேரலாம், ஆனால் ஓட்டு இருக்காது என்றேன்.

"ஓட்டு இல்லாம நான் அங்க என்னண்ணே செய்றது?" என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையை எடை போடப் போய்விட்டார்.