எலி தின்ற மருமகன்

(பாம்பன். மொட்டைமாடியில் நெத்திலி காய்கிறது. கையில் கம்போடு அத்தை காவல் இருக்கிறாள். சென்னையிலிருந்து வந்த மருமகன் போனைப் பார்த்து வாசிக்கிறான்.)

மருமகன்: "திருவல்லிக்கேணி மேன்சன் மாடி. எலியைத் தின்றுவிட்டு நான் வாயை நக்கியபோது மணி பதினொன்று."

அத்தை: மெஸ்ஸுக்குக் காசு இல்லைன்னா ஒரு போன் போட்டிருக்கலாம்ல மருமகனே.

மருமகன்: அய்யோ அத்தை, அந்த 'நான்' நானில்லை. பூனை. பூனையே சொல்ற கதை.

அத்தை: அப்ப மணி பதினொண்ணுன்னு அதுக்கு யாரு சொன்னா?

மருமகன்: எதிர்க் கட்டடத்துல கடிகாரம் இருக்கு.

அத்தை: படிச்ச பூனையாக்கும். மேல வாசி.

மருமகன்: "எதிரே சிவப்பு விளக்குப் பலகை ரத்தமாய் எரிந்தது. யாரோ வைத்துப்போன அல்வா நாக்கில் தேனாய்க் கரைந்தது."

அத்தை: நிப்பாட்டு. மாட்டாஸ்பத்திரியில இருபத்திரண்டு வருசம் வேலை பாத்தவ முன்னாடி இதையா வாசிக்கிற? பூனைக்கு இனிப்பே தெரியாதுப்பா. இனிப்பை உணர்ற மரபணு ஒண்ணு அதுக்கு வேலை செய்யலைன்னு 2005லயே கண்டுபிடிச்சு எழுதிட்டாக. அல்வாவை நக்கத்தான் செய்யும், நெய்க்காக. தேனை எடுத்துட்டு நெய்யை ஊத்து.

மருமகன்: சிவப்பாவது இருக்கட்டும் அத்தை.

அத்தை: சிவப்பும் அதுக்கு மங்கின சாம்பலாட்டம்தான். நீலம், மஞ்சள்னா ஓரளவு பிடிபடும். பலகை நிறத்தை விட்டுட்டு, அது இரையுற சத்தத்தை எழுதேன். காதுதான அதுக்கு முக்காவாசி ராத்திரி.

மருமகன்: சரி, இது சண்டைக் கட்டம். "மூக்கருகே கிடந்த எலியின் கண்ணை உற்றுப் பார்த்தேன். அதில் மரணபயம்."

அத்தை: தின்ன எலிக்கு மேல இன்னொண்ணா? வயிறு என்னத்துக்கு ஆகும்?

மருமகன்: பூனை, அத்தை!

அத்தை: பூனைதான். ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்குறது அதுக்குக் கலங்கலாத்தான் தெரியும். பாஞ்சு புடிக்கிற வரைக்கும் கண்ணு. வாய்க்குக் கிட்ட வந்துட்டா மீசை. மீசையை முன்னால தள்ளித் தடவித்தான் கழுத்து எங்கிட்டு இருக்குன்னு கண்டுபிடிக்கும். எலியோட மரணபயத்தை இது பாத்துச்சாம். பக்கத்துல மணியும் பாத்திருக்கும்.

மருமகன்: "நாய் குரைத்தது. பிளாஸ்டிக் குழாயில் தலைகீழாய்ச் சரசரவென இறங்கினேன்."

அத்தை: செத்துருவ மருமகனே!

மருமகன்: மறுபடியும் நானா?

அத்தை: யாரா இருந்தாலும். பூனை நகம் பின்னால வளைஞ்சது. ஏறும்போது கொக்கியாட்டம் மாட்டும். தலைகீழா இறங்குனா மாட்டாது, வழுக்கிரும். மரமா இருந்தா பின்னங்காலைக் கீழ விட்டுப் பின்வாக்குல இறங்கும். பிளாஸ்டிக் குழாயில நகம் பதியவே பதியாது. அதான் ஏறத் தெரிஞ்ச பூனை இறங்கத் தெரியாம விடிய விடிய கத்துது. உன் கதையே அங்கதான இருக்கு? ஏசிப் பெட்டிக்குத் தாவுமா, கொடிக்கம்பிக்கு அங்கிட்டு குதிக்குமான்னு அது அளக்குறதை எழுதாம, லிப்டுல இறங்குனாப்ல எழுதியிருக்க.

மருமகன்: அவ்வளவு பார்த்தா கதை எப்படி அத்தை எழுதுறது? கற்பனைன்னு ஒண்ணு இருக்குல்ல.

அத்தை: எங்களப் பத்தி எழுதுறவுகளும் இதையேதான் சொல்றாக. அலை தாலாட்டுச்சாம், வலையில நிலா விழுந்துச்சாம். வலையில டீசல் கடன்தான்யா விழுது. மனுசனையே கிட்ட வந்து பாக்காதவுக பூனைக்குள்ள பூந்தா இப்படித்தான்... ஏய்! (காக்கையை விரட்டுகிறாள்) ம், திருத்தி எழுது. மணி வேணாம், பலகை வேணாம்.

(மருமகன் நெடுநேரம் தட்டுகிறான். அத்தை நெத்திலியைத் திருப்பிப் போட்டு முடிக்கிறாள்.)

மருமகன்: "கைப்பிடிச் சுவரின் சூடு வயிற்றுக்கு எட்டவில்லை. கீழே மெஸ்ஸில் எண்ணெய் வாசம் அடங்கி, பாத்திரம் உருள்கிறது. தொட்டிக்குப் பின்னால் மெல்லிய கீச்சு. என் இடது காது மட்டும் திரும்பியது."

அத்தை: (சற்று நேரம் பேசாமல் இருந்து) இப்பத்தான்யா மணி பதினொண்ணு.

(அத்தையின் போன் அடிக்கிறது.)

அத்தை: அண்ணே! ஆமா, இங்கதான் இருக்கான். நல்லாத்தான் இருக்கான்... இல்லை, இப்பல்லாம் எலியைக் கண்ணால பாக்குறதில்லை, மீசையாலதான்.